பிறவியிலேயே வந்த பெரிய மச்சம்: அளவு, முடி, மாற்றம் மூன்றையும் எப்படிப் பார்ப்பது?

(குறிஞ்சிப்பாடியில் இளம் பெற்றோர் கூட்டம் ஒன்றில் பேசிய உரையின் எழுத்து வடிவம்)

இன்றைக்கு நான் சொல்லப்போகிற விஷயத்தில் பாட்டிமார்களுக்குத்தான் வேலை அதிகம். ஏன் என்று பின்னால் சொல்றேன்.

நம்ம பள்ளிச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் 'அங்க மச்ச அடையாளங்கள்' என்று ஒரு இடம் இருக்கும். இடது கன்னத்தில் ஒரு மச்சம், வலது முழங்கையில் ஒரு மச்சம் என்று எழுதியிருப்பாங்க. அந்த மச்சங்களில் பெரும்பாலானவை நாம் பிறக்கும்போது இருந்தவை இல்லை. சின்ன வயதிலோ வாலிப வயதிலோ வந்தவை. இன்றைக்கு நாம் பேசப்போவது பிறக்கும்போதே குழந்தையின் தோலில் இருக்கிற மச்சம். அதிலும் முதுகிலோ தொடையிலோ தலையிலோ உள்ளங்கை அகலத்துக்கு, சில குழந்தைகளுக்கு முதுகு முழுக்கப் பரவியிருக்கிற பெரிய மச்சம்.

சின்ன அளவில் பிறவி மச்சம் ஏறக்குறைய 100 குழந்தைகளில் ஒன்றுக்கு இருக்கும். பெரிய மச்சம் ரொம்ப அபூர்வம். சுமார் 20,000 குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் வரும். ஒரு கிராம சுகாதார செவிலியர் தன் பணிக்காலம் முழுவதும் ஒன்றைக்கூடப் பார்க்காமல் போகலாம். அதனால்தான் இப்படி ஒரு குழந்தை பிறந்ததும் ஆளுக்கு ஒன்று சொல்றாங்க. "ராஜயோகம்"னு ஒருத்தர், "கேன்சர்"னு இன்னொருத்தர். இரண்டையும் நம்பிச் சும்மா இருக்கவும் வேண்டாம், பயந்து ஓடவும் வேண்டாம். அளவு, முடி, மாற்றம் என்ற மூன்றையும் எப்படிப் பார்ப்பது என்று தெரிந்தால், எப்போது நிம்மதியாக இருக்கலாம், எப்போது பஸ் ஏற வேண்டும் என்று உங்களுக்கே தெளிவாகத் தெரியும்.

கிரகணம் காரணமில்லை

முதலில் ஒரு பழியைத் தீர்த்துவிடுவோம். கிரகணத்தில் அம்மா வெளியே வந்துவிட்டாள், அதான் குழந்தைக்குக் கறுப்புப் படிந்துவிட்டது என்று சொல்கிற வழக்கம் நம்மிடம் இருக்கு. இந்தப் பழி நம்ம ஊரோடு நிற்பதும் இல்லை. தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டில், முதுகு முழுக்கப் பெரிய மச்சத்தோடு பிறந்த ஒரு சிறுவனை, கிரகணத்தில் கருவானவன் என்று சொல்லி ஊரே ஒதுக்கி வைத்தது. 2012 வாக்கில் லண்டனிலிருந்து போன நீல் புல்ஸ்ட்ரோட் என்ற பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் அந்தச் சிறுவனுக்கு அறுவை சிகிச்சை செய்த பிறகுதான் அந்தச் செய்தி உலகம் முழுவதும் பரவியது. பூமியின் இன்னொரு பக்கத்தில் இருப்பவர்களும் அதே கிரகணத்தைத்தான் குற்றம் சொல்லியிருக்காங்க.

உண்மையில் நடப்பது வேறு. கரு வயிற்றில் வளரும் முதல் சில மாதங்களில், தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்கள் முதுகுத்தண்டுப் பக்கமிருந்து புறப்பட்டு உடம்பெங்கும் போய் உட்காரும். அப்போது அதில் ஒரே ஒரு செல்லின் மரபணுவில் ஒரு சின்ன எழுத்துப் பிழை விழுகிறது. அந்த ஒரு செல்லிலிருந்து பெருகும் அத்தனை செல்களிலும் அதே பிழை இருக்கும். அவை போய்ச் சேர்ந்த இடமெல்லாம் மச்சம். பெரிய மச்சங்கள் பலவற்றில் இந்தப் பிழை 'என்ராஸ்' என்ற மரபணுவில் இருப்பதை லண்டன் மருத்துவர் வெரோனிகா கின்ஸ்லரின் குழு 2013-ல் காட்டியது.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. பிழை அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்ததில்லை, கருவான பிறகு விழுந்தது. ஆகவே அம்மா சாப்பிட்டதோ, பார்த்ததோ, வெளியே வந்ததோ காரணம் இல்லை. அடுத்த குழந்தைக்கும் வந்துவிடும் என்று பயப்படவும் தேவையில்லை. பிழை எவ்வளவு சீக்கிரம் விழுந்ததோ, அவ்வளவு அதிக செல்களுக்கு அது போய்ச் சேரும். மச்சத்தின் அளவு ஏன் முக்கியம் என்பதற்கு அடிப்படை இதுதான்.

எல்லாக் கறையும் மச்சம் இல்லை

நம்ம குழந்தைகளுக்குப் பிறக்கும்போது இடுப்பிலும் பிட்டத்திலும் நீலச் சாம்பல் நிறத்தில், அடிபட்டுக் கன்றியது மாதிரி ஒரு கறை இருப்பது சகஜம். தொட்டால் மேடு தெரியாது, முடி வராது. சில வருடங்களில் பெரும்பாலும் மங்கிவிடும். இது வேறு. பால் கலந்த காபி நிறத்தில், ஒரே சீரான தட்டையான தழும்பு போல இருப்பதும் வேறு. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்களுக்குத் தோள்பட்டையில் புதிதாகப் பழுப்பாகி முடி முளைப்பதும் வேறு. அது பிறவி மச்சம் இல்லை.

பிறவிப் பெரு மச்சம் பழுப்பிலிருந்து கறுப்பு வரை எந்த நிறத்திலும் இருக்கும். ஒரே மச்சத்துக்குள் இரண்டு மூன்று நிறம்கூடக் கலந்திருக்கும். பிறந்த அன்றோ முதல் சில வாரங்களிலோ தெரிந்துவிடும். தோலின் கோடுகள் அழுத்தமாக, சில இடத்தில் கொஞ்சம் தடிப்பாக இருக்கும். எது எது என்று பிரித்துச் சொல்வது மருத்துவர் வேலை. அவருக்கு நாம் கொடுக்க வேண்டிய முதல் தகவல் அளவு.

அளவு: இன்றைய சென்டிமீட்டரும் நாளைய சென்டிமீட்டரும்

ஒரு பலூனில் பேனாவால் வட்டம் போட்டு ஊதினால், பலூன் பெரிதாகும்போது வட்டமும் பெரிதாகும். பிறவி மச்சமும் அப்படித்தான். குழந்தை வளர வளர அதுவும் வளரும். அதனால் மருத்துவர்கள் இன்றைய அளவை வைத்து வகைப் பிரிப்பதில்லை. பெரியவரானால் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் பிரிக்கிறார்கள். அந்தக் கணக்கில் ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் சிறியது. 20 சென்டிமீட்டர் வரை நடுத்தரம். 20-ஐத் தாண்டினால் பெரியது. 40-ஐத் தாண்டினால் மிகப் பெரியது.

உடம்பின் எல்லாப் பாகமும் ஒரே அளவில் வளர்வதில்லை. குழந்தைக்குத் தலை ஏற்கெனவே பெரிது, கால்தான் பிறகு நீளும். அதனால் பிறந்த குழந்தையின் தலையில் இருக்கிற மச்சத்தை 1.7-ஆல் பெருக்கணும். தொடையிலும் காலிலும் இருந்தால் 3.3-ஆல் பெருக்கணும். முதுகு, வயிறு, கை போன்ற மற்ற இடங்களுக்கு 2.8.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். இது நடந்த கதை இல்லை, கணக்குப் புரிவதற்காகச் சொல்றேன். ஒரு பெண் குழந்தை. மேல் முதுகில் ஒரு கறுப்பு மச்சம். அதன் மிக நீளமான பக்கம் 8 சென்டிமீட்டர். 8-ஐ 2.8-ஆல் பெருக்கினால் 22.4. ஆக இது 'பெரியது' என்ற வகையில் விழுகிறது. இதே 8 சென்டிமீட்டர் தலையில் இருந்திருந்தால் 13.6 தான், நடுத்தரம். தொடையில் இருந்திருந்தால் 26.4. பார்ப்பதற்கு மூன்றும் ஒரே மச்சம்தான். பின்தொடரும் முறை மட்டும் மாறுகிறது.

பெருக்கல் எண்கள் பிறந்த குழந்தைக்கானவை. ஒரு வயதிலோ மூன்று வயதிலோ அளந்துவிட்டு அதே எண்ணால் பெருக்கினால் கணக்குத் தப்பாகிவிடும். அதனால் முதல் வாரத்திலேயே அளந்து தேதியோடு எழுதி வைக்கணும். அளப்பதற்குத் தையல்காரர் டேப் போதும். உடம்பின் வளைவோடு டேப்பை லேசாகப் படிய விடுங்க, தோலை இழுக்காதீங்க. நீளமான பக்கம் எவ்வளவு, அதற்குக் குறுக்கே எவ்வளவு என்று இரண்டு எண் எழுதுங்க. பெரிய மச்சத்தைத் தவிர உடம்பில் வேறு எங்கெல்லாம் குட்டி மச்சம் இருக்கு என்று எண்ணி அதையும் எழுதுங்க. தலைமுடிக்குள்ளும், விரல் இடுக்கிலும், உள்ளங்காலிலும் பாருங்க. இந்தக் குட்டி மச்சங்களின் எண்ணிக்கை மருத்துவருக்கு ரொம்ப முக்கியம். அது ஏன் என்று கொஞ்சம் பொறுத்துச் சொல்றேன். நம்ம உதாரணக் குழந்தைக்கு இப்படி ஐந்து குட்டி மச்சம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

இப்போது எல்லோர் மனதிலும் இருக்கிற கேள்வி: இது புற்றுநோயாகுமா? சிறிய, நடுத்தர மச்சங்களில் வாழ்நாள் முழுவதும் சேர்த்தே 100 பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் மெலனோமா என்கிற நிறமிப் புற்றுநோய் வருகிறது. அதுவும் பெரும்பாலும் பருவ வயதுக்குப் பிறகு. பெரிய மச்சம் உள்ளவர்களில் 100 பேரில் ஏறக்குறைய 2 முதல் 5 பேருக்கு வரலாம். மிகப் பெரிய மச்சமும் நிறையக் குட்டி மச்சங்களும் சேர்ந்திருந்தால் இன்னும் அதிகம். பெரிய மச்சத்தில் வந்தால் பல சமயம் சிறு வயதிலேயே வருகிறது. அப்படியென்றால் பெரிய மச்சம் இருக்கிற மிகப் பெரும்பாலான குழந்தைகளுக்கு வருவதில்லை. ஆனால் வரக்கூடிய அந்தச் சிலரை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் பெரிய மச்சம் உள்ள எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். முதல் வருடம் சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு சில வருடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை என்பது வழக்கமான நடைமுறை. குழந்தையைப் பார்த்து மருத்துவர் இதைக் கூட்டுவார், குறைப்பார். சிறிய மச்சத்துக்கு இவ்வளவு அலைச்சல் வேண்டாம். வீட்டில் கவனித்து, மாற்றம் தெரிந்தால் காட்டினால் போதும்.

மூளை ஸ்கேன் ஏன் கேட்கிறார்கள்?

தோல் மச்சத்துக்கு டாக்டர் ஏன் மூளைக்கு எம்.ஆர்.ஐ. எழுதுறார் என்று பெற்றோர் குழம்பிப்போவது உண்டு. காரணம் முன்னால் சொன்ன அந்தப் பயணம்தான். பிழை விழுந்த செல்களில் சில, தோலுக்குப் போகாமல் மூளையிலும் தண்டுவடத்திலும் தங்கிவிடலாம். பெரிய மச்சத்தோடு குட்டி மச்சங்களும் நிறைய இருக்கிற குழந்தைகளுக்கு இந்த வாய்ப்பு அதிகம். எண்ணிக்கையைக் கேட்பது இதற்காகத்தான். அப்படித் தங்கினாலும் பல குழந்தைகளுக்கு எந்தத் தொல்லையும் வராது. சிலருக்கு வலிப்பு, வளர்ச்சித் தாமதம், தலைக்குள் நீர் சேர்வது போன்றவை வரலாம்.

இந்த ஸ்கேனை முதல் ஆறு மாதத்துக்குள் எடுக்கச் சொல்வார்கள். குழந்தையின் மூளை நரம்புகளின் மேல் கொழுப்பு உறை படியப் படிய, ஸ்கேன் படத்தில் நிறமிச் செல்கள் தெரிவது மங்கிவிடும். கைக்குழந்தையாக இருக்கும்போது பால் கொடுத்து, துணியில் சுற்றித் தூங்க வைத்தே பல சமயம் எடுத்துவிட முடியும் என்பது கூடுதல் வசதி. "கொஞ்சம் வளரட்டும், அப்புறம் பார்க்கலாம்"னு தள்ளிப்போட்டால் இந்த வாய்ப்புப் போய்விடும். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. அது காந்தத்தால் எடுக்கிற படம். நம்ம உதாரணக் குழந்தைக்குப் பெரிய மச்சமும் ஐந்து குட்டி மச்சமும் இருப்பதால், இரண்டாவது மூன்றாவது மாதத்திலேயே மருத்துவரிடம் ஸ்கேன் பற்றிக் கேட்டுவிடணும்.

ஸ்கேன் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வலிப்பு, நிற்காத வாந்தி, உச்சிக்குழி புடைத்து நிற்பது, தலை வேகமாகப் பெருப்பது, வழக்கத்துக்கு மாறான சோர்வு ஆகியவை தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். உடனே 108.

முடி: பயப்பட வேண்டிய அடையாளம் இல்லை

நம்ம உதாரணக் குழந்தைக்கு ஆறாவது மாதத்தில் மச்சத்தின் மேல் கறுத்த முடி முளைக்க ஆரம்பிக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் பயம், "மச்சம் கெட்டுப்போச்சு"னு. உண்மையில் பிறவி மச்சத்தில் முடி வருவது சாதாரணம். பிறக்கும்போதே இருக்கலாம், சில மாதம் கழித்தும் வரலாம். நிறமிச் செல்கள் தோலின் ஆழத்தில் முடி வேர்களைச் சுற்றி உட்கார்ந்திருப்பதால் அங்கே முடி தடிமனாக, நீளமாக வளர்கிறது. முடி வந்தால் புற்றுநோய் என்பது தவறு. முடி இல்லாவிட்டால் ஆபத்தில்லை என்பதும் தவறு.

அப்படியென்றால் முடியைப் பார்க்கச் சொல்வது ஏன்? இது பிறவி மச்சம்தான், ஆழமாக இறங்கிய மச்சம் என்பதற்கு முடி ஒரு குறிப்பு. மேலோட்டமாகச் சுரண்டினாலோ, லேசர் வைத்தாலோ ஆழத்தில் இருப்பது போகாது, முடியும் நிறமும் திரும்ப வரலாம் என்பது இதிலிருந்து புரியும். இன்னொன்று, அடர்ந்த முடி கீழே இருக்கும் தோலை மறைத்துவிடும். அதனால் முடியைக் கத்தரியால் கத்தரித்தோ, மழித்தோ பார்க்கலாம். மழித்தால் புற்றுநோய் வராது. தோல் மெல்லியது என்பதால் வெட்டுப்படாமல் பார்த்துக்கொண்டால் போதும். பிடுங்குவதும் முடி நீக்கும் கிரீம் போடுவதும் தோலைப் புண்ணாக்கும்.

ஒரு இடத்தில் மட்டும் முடிக்குத் தனிக் கவனம் வேண்டும். இடுப்புக்கு மேலே, முதுகுத்தண்டின் நடுக்கோட்டில், மச்சம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வால் மாதிரி ஒரு கொத்து முடியோ, குழியோ, புடைப்போ இருந்தால், அது உள்ளே தண்டுவடம் சரியாக மூடாததன் வெளி அடையாளமாக இருக்கலாம். அதைக் குழந்தை மருத்துவரிடம் தனியாகக் காட்டணும்.

மாற்றம்: எது வழக்கம், எது எச்சரிக்கை?

'மச்சம் மாறினால் ஆபத்து' என்று எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீங்க. பிறவிப் பெரு மச்சத்தில் இந்த விதி அப்படியே பொருந்தாது, ஏனென்றால் அது மாறிக்கொண்டேதான் இருக்கும். உடம்போடு பெரிதாகும். முதல் சில வருடங்களில் பல குழந்தைகளுக்கு நிறம் வெளிறும், சிலருக்குக் கருக்கும். வழவழப்பாக இருந்தது சொரசொரப்பாகும். புதுக் குட்டி மச்சங்கள் வரலாம். இவையெல்லாம் மெதுவாக, மச்சம் முழுக்க ஒரே சீராக நடந்தால் பயமில்லை. வறட்சியும் அரிப்பும்கூட இருக்கும். அந்தத் தோலில் எண்ணெய்ப் பசையும் வியர்வையும் குறைவு என்பதால் குளித்த பிறகு ஈரப்பதம் தருகிற களிம்பு தடவணும்.

எச்சரிக்கை என்பது மச்சத்தின் ஒரு இடத்தில் மட்டும், வாரக் கணக்கில் வேகமாக நடக்கிற மாற்றம். புதிதாக ஒரு கட்டி கிளம்பி வளர்ந்துகொண்டே போவது. மற்ற இடத்தோடு சேராத நிறத்தில் ஒரு புள்ளி. அடிபடாமலே ரத்தம் கசிவது. இரண்டு வாரமாகியும் ஆறாத புண். அந்த இடத்தில் மட்டும் வலி. அக்குளிலோ தொடை இடுக்கிலோ கழுத்திலோ நெறி கட்டியது போல வீக்கம். இதில் ஏதாவது ஒன்று தெரிந்தால் அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்காமல் அந்த வாரமே காட்டணும்.

இங்கேதான் பாட்டிமார்கள் வர்றாங்க. பெரிய மச்சத்தில் புற்றுநோய் வந்தால், அது மேல்தோலில் தெரியாமல் ஆழத்தில் தொடங்கலாம். கண்ணுக்கு எதுவும் தெரியாது, கைக்குத்தான் தெரியும். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிற கை தினமும் அந்த முதுகைத் தடவுகிறது. மாதம் ஒருநாள் கவனம் வைத்து, விரல்களைத் தட்டையாக வைத்து மச்சம் முழுக்க மெதுவாக அழுத்திப் பாருங்க. போன மாதம் இல்லாத ஒரு உருண்டை, ஒரு கெட்டியான முடிச்சு தட்டுப்படுகிறதா? அந்தத் தகவலை எந்த ஸ்கேனைவிடவும் முன்னால் நீங்கதான் சொல்ல முடியும்.

நம்ம உதாரணத்துக்கு வருவோம். பத்தாவது மாதத்தில் பாட்டியின் கைக்கு மிளகு அளவில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. மூன்று வாரத்தில் அது கொண்டைக்கடலை அளவாகிறது. மருத்துவர் பார்த்துவிட்டு, ஒரு சின்னத் துண்டு சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பலாம். குழந்தைகளின் பெரிய மச்சத்தில் வருகிற கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கில்லாத செல் பெருக்கம்தான். ஆனால் வெளியிலிருந்து பார்த்து எது எது என்று அடித்துச் சொல்ல முடியாது, சோதனைதான் சொல்லும். "கத்தி பட்டால் பரவிடும்"னு சொல்லித் தடுக்காதீங்க. சோதனைக்குச் சதை எடுப்பதால் மச்சம் புற்றுநோயாக மாறாது.

உங்க போன் செய்யக்கூடிய வேலை

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிற மருத்துவருக்குப் போன தடவை எப்படி இருந்தது என்று நினைவிருக்காது. உங்களுக்கும் இருக்காது, ஏனென்றால் தினமும் பார்ப்பதை நாம் கவனிக்க மாட்டோம். அதற்குப் படம் வேண்டும். மாதம் ஒரு தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்க. காலை வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்க. முதலில் முழு முதுகும் தெரியும்படி ஒரு படம். பிறகு மச்சத்தின் பக்கத்தில் ஸ்கேலையோ டேப்பையோ வைத்துக் கிட்டத்தில் ஒரு படம். ஒவ்வொரு மாதமும் அதே தூரம், அதே கோணம். அழகாக்குகிற ஃபில்டர் வேண்டாம், அது நிறத்தை மாற்றிவிடும்.

படங்களைத் தனி ஆல்பத்தில் வையுங்க. போன் தொலைந்தாலும் கிடைக்கிற மாதிரி இன்னொரு இடத்திலும் ஒரு நகல் இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடாதீங்க. அது உங்க குழந்தையின் உடம்பு. பத்து வருடம் கழித்து அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் அந்தப் படத்தைப் பார்க்கக் கூடாது.

படம் கட்டியைக் காட்டாது, ஆழத்தையும் காட்டாது. அதனால் படம் மட்டும் போதாது. கையால் தொட்டுப் பார்ப்பதும் மருத்துவர் நேரில் பார்ப்பதும் கூடவே நடக்கணும்.

எரிக்காதீங்க, கரைக்காதீங்க

நம்ம பக்கம் முந்திரி விளைகிற மண். முந்திரிக்கொட்டை ஓட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் எப்படி வெந்துபோகும் என்று கொட்டை உடைக்கிற கைகளுக்குத் தெரியும். அந்த எண்ணெயையோ, சேராங்கொட்டையையோ, சுண்ணாம்பையோ, ஆசிட்டையோ வைத்து மச்சத்தை எரிக்கிற வழக்கம் இன்னும் இருக்கு. அதனால் மேலே இருக்கிற தோல் மட்டும் வெந்து தழும்பாகும், ஆழத்தில் இருக்கிற செல்கள் அப்படியே இருக்கும். பிறகு அந்தத் தழும்புக்குக் கீழே ஏதாவது கிளம்பினால் கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் பிடிபடாது.

அறுவை சிகிச்சை வேண்டுமா என்பது பொறுமையாக எடுக்க வேண்டிய முடிவு. மச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவையில் வெட்டி எடுத்துத் தைப்பது ஒரு முறை. பக்கத்துத் தோலுக்கு அடியில் ஒரு பலூனை வைத்து, வாரக் கணக்கில் அதில் நீர் ஏற்றித் தோலை விரியச் செய்து, மச்சத்தை எடுத்த இடத்தை அந்தத் தோலால் மூடுவது இன்னொரு முறை. தோற்றத்துக்காகவும் குழந்தையின் மனநிம்மதிக்காகவும் இது உதவலாம். ஆனால் மிகப் பெரிய மச்சத்தை முழுக்க எடுக்க முடிவதில்லை. எடுத்தாலும் புற்றுநோய் வாய்ப்பு முழுசாகப் போய்விடாது, அதனால் கண்காணிப்பு தொடரணும். சந்தேகக் கட்டி இருந்தால் மட்டும் தள்ளிப்போடக் கூடாது.

எங்கே காட்டுவது?

ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யகிரம் என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் ஒரு மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் வரும். அந்த நாளில் சட்டையைக் கழற்றி மச்சத்தைக் காட்டுங்க. அளவையும் குட்டி மச்சங்களின் எண்ணிக்கையையும் தாய் சேய் நல அட்டையில் எழுதச் சொல்லிக் கேளுங்க. அந்தக் குழு தேவைப்பட்டால் மேல் சிகிச்சைக்குப் பரிந்துரைக்கும். ஆனால் பெரிய மச்சம் என்றால் அவர்கள் வரும் வரை காத்திருக்காதீங்க. பிறந்த முதல் மாதத்திலேயே குழந்தை மருத்துவரையும் தோல் மருத்துவரையும் பார்க்கணும்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரம் அண்ணாமலைநகரில் இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் ஆகிய மூன்றும் போய்வரக்கூடிய தூரம்தான். எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம். ஸ்கேனுக்கோ அறுவை சிகிச்சைக்கோ முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செலவு கிடைக்குமா என்பதை 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில், தேதி குறிப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்க.

போகும்போது மூன்று விஷயம் கையில் இருக்கட்டும்: பிறந்த வாரத்தில் எழுதிய அளவு, குட்டி மச்சங்களின் எண்ணிக்கை, போனில் இருக்கிற மாதப் படங்கள். குழந்தையைத் தினமும் குளிப்பாட்டுகிறவர் யாரோ, அவரையும் கூட்டிக்கொண்டு போங்க. மருத்துவர் கேட்கிற கேள்விகளில் பாதிக்கு அவரிடம்தான் பதில் இருக்கும்.